புழுகு இல்லாத 220 எழுத்துகள்

லிங்க்ட்இன்னில கணக்கு திறந்து, வேலை பார்க்கிற இடத்தையும் பதவியையும் போட்டவுடன அதுவே ஒரு தலைப்பு வரியை எழுதித் தந்துவிடும். பதவிப் பெயர், பிறகு ஒரு 'அட்', பிறகு கொம்பனிப் பெயர். பெரும்பாலான ஆட்கள் அதுக்குப் பிறகு அந்த வரியைத் தொடுறதே இல்லை. யாழ்ப்பாணத்தில இருக்கிற கணக்காளர்களைத் தேடிப் பாருங்கோ. ஒரே வரியை ஆளாளுக்குக் கொம்பனிப் பெயரை மட்டும் மாத்தி எழுதின மாதிரித்தான் இருக்கும். ரெண்டு வருட அனுபவம் உள்ள பிள்ளையும் இருபது வருடம் பேரேட்டோட மல்லுக்கட்டின ஆளும் அந்தப் பட்டியலில ஒரே உயரம்.

எங்கட பக்கத்து வீட்டு அக்காவின்ர வரியும் அப்பிடித்தான் இருந்தது. அக்காவுக்கு 41 வயது. யாழ்ப்பாணத்தில ஒரு விநியோகக் கொம்பனியில 15 வருடமாகக் கணக்காளர். வாற மார்ச் 31, நிதியாண்டு முடிவோட, கணக்குப் பகுதியைக் கொழும்புத் தலைமையகத்துக்கு எடுக்கப் போறதாகச் சொல்லியிருக்கினம். அக்காவும் வரலாம், இடம் இருக்கு. ஆனா அக்காவின்ர அம்மாவுக்கு வாரத்தில ரெண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு. "கொழும்புக்குப் போறது ஏலாத கதை, பிள்ளை" எண்டு ஒரே வசனத்தில முடிச்சிட்டா. மிச்சம் இருந்தது நாலரை மாதம்.

நான் கணக்காளர் இல்லை. ஒரு சின்ன ஆட்சேர்ப்பு நிறுவனத்தில ரெண்டு வருடம் வேலை செய்த அனுபவம் மட்டும் இருக்கு. அங்க நான் செய்தது, ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பேரின்ர பக்கங்களைத் திறந்து மூடுறது. அதனால இந்தப் பக்கத்தை மற்றப் பக்கத்தில இருந்து பார்க்கிறவர் என்ன பார்க்கிறார் எண்டு எனக்குத் தெரியும். அவர் வாசிக்கிறதில்லை, தேடுறார். தேடல் பெட்டியில ஒரு பதவிப் பெயர், ஒரு ஊர், ரெண்டு மூன்று திறன்கள். வாற பட்டியலில ஒவ்வொருவருக்கும் படம், பெயர், தலைப்பு வரியின்ர முதல் பகுதி, ஊர், அவ்வளவுதான். கைபேசியில அந்த வரி இன்னும் குறுகி, ஐந்தாறு சொல்லோட வெட்டுப்பட்டு நிற்கும். அந்த ஐந்தாறு சொல்லுக்குள்ள கொம்பனிப் பெயர் போய் உட்கார்ந்தால், யாழ்ப்பாணத்துக்கு வெளியில ஒருவருக்கும் தெரியாத ஒரு பெயருக்கு அந்த இடம் முழுக்கச் செலவாகிப் போகும்.

வரிக்கு மொத்த இடம் 220 குறியீடுகள். இது ஆங்கிலத்தில ஒரு மாதிரி, தமிழில வேற மாதிரி. கணினி எங்கட எழுத்தை நாங்கள் எண்ணுற மாதிரி எண்ணாது. புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. 'கணக்காளர்' எங்களுக்கு ஆறு எழுத்து, அதுக்கு ஒன்பது. தமிழில எழுதக்கூடாதெண்டு இல்லை. ஆனா வேலைக்கு ஆள் தேடுறவர் தேடல் பெட்டியில தட்டுறது ஆங்கிலத்தில. அக்காவின்ர பக்கத்தை ஆங்கிலத்திலேயே எழுதுறதெண்டு முடிவெடுத்தம்.

முதல் கேள்வி, ஆருக்காக எழுதுறது எண்டது. அக்கா சொன்னது, "ஆருக்கெண்டாலும் சரி, வேலை கிடைச்சாச் சரி." இந்த இடத்தில நான் விடவில்லை. அக்கா போகக்கூடிய வழி மூன்று. யாழ்ப்பாணத்திலேயே இன்னொரு வியாபார நிறுவனம், வீட்டிலிருந்து கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை, அல்லது அவுஸ்திரேலியாவிலயோ இங்கிலாந்திலயோ இருக்கிற கணக்கு அலுவலகத்துக்கு இங்க இருந்து புத்தகம் எழுதிக் குடுக்கிற வேலை. மூன்றாவது வழியில சம்பளம் நல்லம். ஆனா அங்க கேட்கிறது அந்த நாட்டு வரிச் சட்டமும் ஸீரோ மாதிரி மென்பொருளும். அக்காவுக்கு ரெண்டும் புதுசு. தலைப்பு வரியில மூன்று பேரையும் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டினம். அக்காவின்ர கையில இருக்கிற சரக்கு இலங்கை வரி, இலங்கைச் சம்பளப் பட்டியல், பல கிளை உள்ள வியாபாரம். அதனால முதல் ரெண்டு வழியையும் மட்டும் எடுத்தம்.

பிறகு பத்துப் பன்னிரண்டு வேலை விளம்பரங்களை எடுத்து, அதில திரும்பத் திரும்ப வாற சொற்களுக்குக் கீழ கோடு போட்டம். அக்கா தன்ர வேலையை 'அக்கவுண்ட்ஸ் எல்லாம் பார்க்கிறது' எண்டுதான் சொல்லுவா. விளம்பரங்கள் அதையே வற், சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதி, மாதமுடிவு எண்டு துண்டு துண்டாகக் கேட்குது. ஒரே வேலைதான். பெயர் வைச்சால்தான் தேடலில அகப்படும்.

பதவிப் பெயரில ஒரு சின்னச் சண்டை. அக்காவுக்குக் கீழ மூன்று பேர் வேலை செய்யினம், வங்கி மனேச்சரோட பேசுறதும் அக்காதான். "ஃபினான்ஸ் மனேஜர் எண்டு போட்டால் என்ன? செய்யிற வேலை அதுதானே" எண்டு அக்காவின்ர தம்பி சொன்னார். நியமனக் கடிதத்தில இருக்கிறது கணக்காளர். புது இடத்தில சேவைக் கடிதம் கேட்கேக்க ரெண்டும் பொருந்தாட்டி, அதுக்குப் பிறகு சொல்லுற உண்மைகளையும் சந்தேகத்தோடதான் பார்ப்பினம். பதவியைக் கூட்டாமல், செய்த வேலையைச் சொல்லலாம். அதுக்கு ஒருவரும் குறை சொல்ல ஏலாது.

தகுதி எழுத்துகள் இன்னும் கவனமான விஷயம். அக்கா ஏ.ஏ.ரி. முடிச்சு அங்கத்துவம் வைச்சிருக்கிறா. பட்டயக் கணக்காளர் பரீட்சையில கடைசி நிலைக்கு முந்தினது வரை சித்தி. கல்யாணம், பிள்ளை, அப்பாவின்ர மறைவு எண்டு 2013இல நிண்டுபோச்சு. இப்படியானவை பலர் தங்கட வரியில 'சி.ஏ. ஃபைனலிஸ்ட்' எண்டு போடுவினம். அந்தச் சொல்லை வாசிக்கிறவருக்கு, ஆள் இப்ப கடைசிப் பரீட்சைக்குப் படிச்சுக்கொண்டிருக்கிறார் எண்டுதான் விளங்கும். பத்து வருடத்துக்கு மேலாகப் புத்தகம் திறக்காத ஒருவருக்கு அது பொருந்தாது. பெயருக்குப் பின்னால சி.ஏ. எண்டு மட்டும் போடுறது அதைவிட மோசம். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின்ர உறுப்பினர்களுக்குரிய பெயர் அது. பரீட்சைத் தாள்களில சித்தியடைஞ்சவை எல்லாருக்கும் உரியதில்லை. அக்கா வைச்சிருக்கிற ஏ.ஏ.ரி. அங்கத்துவ எழுத்துகளைத் தலைப்பு வரியில போட்டம். பட்டயப் படிப்பை அபவுட் பகுதியில, எந்த நிலை, எந்த வருடம், பிறகு தொடரவில்லை எண்டு ஒரு வசனமாக வைச்சம். 'தொடரவில்லை' எண்ட சொல்லை எழுத அக்காவுக்கு அவ்வளவு கஷ்டம். நேர்முகத்தில அதை ஆராவது தோண்டி எடுக்கிறதைவிடத் தானாகச் சொல்லுறது லேசு எண்டு பிறகு தானே சொன்னா.

கடைசியில வந்த வரி இது:

```
Accountant | VAT, payroll & month-end close for multi-branch trading companies | 15 years | MAAT | Jaffna / remote
```

எண்ணிப் பார்த்தால் 114. மிச்ச இடத்தை நிரப்பவேணும் எண்டு சட்டமில்லை. கைபேசியில வெட்டுப்பட்டாலும் கணக்காளர், வற், சம்பளப் பட்டியல் எண்டது முன்னுக்கு நிற்கும். கொம்பனிப் பெயர் போய்விட்டது. அது கீழ அனுபவப் பகுதியில இருக்குத்தானே.

ஆனா மெய்யான வேலை அபவுட் பகுதியிலதான். அங்க 2,600 குறியீடுகள் வரை எழுதலாம். ஆனா திறந்தவுடன தெரியிறது முதல் மூன்று நாலு வரிதான். மிச்சத்தைப் பார்க்க ஒருக்கா அழுத்தவேணும். அக்கா முதல் எழுதிக்கொண்டு வந்தது, இணையத்தில எங்கேயோ கிடைச்ச மாதிரி ஒன்று. அர்ப்பணிப்புள்ளவர், விளைவு நோக்கியவர், அழுத்தத்தின் கீழும் குழுவாகவும் வேலை செய்யக்கூடியவர். நான் அதை வாசிச்சுப்போட்டு, கணக்காளர் எண்ட சொல்லை எடுத்திட்டுத் தாதி எண்டு போட்டு வாசிச்சுக் காட்டினன். அப்படியே பொருந்திச்சுது. ஓட்டோ ஓட்டுநர் எண்டாலும் பொருந்தும். அக்கா சிரிச்சுப்போட்டு, "அப்ப என்னத்தைத்தான் எழுதுறது? நான் என்ன, என்னைப் பற்றி நானே புழுகிறதோ?" எண்டா.

புழுகு எண்டது எங்கட ஊரில பாரமான சொல். தன்ர கெட்டித்தனத்தைத் தானே சொன்னால் அதுவும் புழுகுக் கணக்கில சேர்ந்திடும். அதனால நான் என்ன செய்தனியள் எண்டு கேட்கிறதை விட்டுட்டு, மாதமுடிவு எப்பிடி நடக்கும் எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் அக்கா நிறுத்தேல்லை.

கதை இதுதான். கொம்பனிக்கு மூன்று இடம்: யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கிளிநொச்சி. அக்கா பொறுப்பெடுத்த காலத்தில ஒரு மாதத்துக் கணக்கு மூடி முடிய அடுத்த மாதம் 19ஆம் திகதி ஆகும். வற் வரியைக் கட்டவேண்டிய நாள் 20. அதாவது விற்பனைத் தொகை சரியோ பிழையோ எண்டு தெரிஞ்சு ஒரு இரவுக்குள்ள காசு கட்டவேணும். பிழை கண்டால் திருத்த நேரமில்லை.

ஏன் அவ்வளவு நாள்? ரெண்டு காரணம். ஒன்று பின்திகதியிட்ட காசோலை. இங்க கடைக்காரர் சாமானை எடுத்துக்கொண்டு முப்பது, நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதி போட்டுத்தான் செக் தருவினம். விற்பனைப் பொடியள் செக்கைக் கொண்டுவந்து குடுத்தவுடன, அதை வங்கியில விழுந்த காசாகப் புத்தகத்தில பதிஞ்சுகொண்டிருந்திருக்கினம். வங்கிக் கூற்றில அந்தக் காசு இராது. மாதமுடிவில வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுச் செய்யேக்க ஐம்பது அறுபது வரி தொங்கிக்கொண்டு நிற்கும். அதில நாலைந்து செக் பிறகு திரும்பி வரும், வந்ததைத் திருப்பிப் பதியவேணும். உயர்தரத்தில வர்த்தகப் பிரிவு படிச்சவைக்கு விளங்கும், பாடப் புத்தகத்தில அந்தக் கூற்று ஒரு பக்கத்தில முடிஞ்சிடும். இங்க அது நாலு நாள்.

மற்றது கிளைகளுக்கிடையில போற சரக்கு. 30ஆம் திகதி பின்னேரம் யாழ்ப்பாணக் களஞ்சியத்தில ஏத்தின சாமான் கிளிநொச்சியில இறங்கிறது 1ஆம் திகதி. இங்க இந்த மாதம் வெளியில போனது, அங்க அடுத்த மாதம் உள்ள வந்தது. ரெண்டு புத்தகமும் ஒருக்காலும் பொருந்தாது. ஒவ்வொரு மாதமும் ரெண்டு களஞ்சியத்துக்கும் ரெலிபோன் எடுத்து, ஆர் பொய் சொல்லுறது எண்டு சண்டை. ஒருவரும் பொய் சொல்லேல்லை, சாமான் பரந்தனுக்குக் கிட்ட லொறியில இருந்திருக்கு.

அக்கா செய்தது, ரெண்டு புதுக் கணக்கு திறந்தது. பின்திகதிக் காசோலைகளுக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கணக்கு. செக் வங்கியில போடுற நாளில மட்டும் அது வங்கிக் கணக்குக்கு மாறும். வழியில இருக்கிற சரக்குக்கு இன்னொரு கணக்கு. மாற்றல் துண்டுகளுக்குத் தொடர் இலக்கம். ஒவ்வொரு சனியும் மூன்று இடமும் தங்கட துண்டு இலக்கங்களை ஒரு எக்செல் தாளில அனுப்பவேணும். விடுபட்ட இலக்கம் அந்த வாரமே தெரிஞ்சிடும், மாதமுடிவு வரை காத்திருக்கத் தேவையில்லை. எட்டு மாதம் எடுத்தது. களஞ்சியப் பொறுப்பாளர் முதல் மூன்று மாதம் தாளே அனுப்பேல்லையாம். இப்ப கணக்கு மூடுறது 7ஆம் திகதி.

இதைப் பதினைந்து வருடத்தில ஒருவரும் அக்காவிட்டக் கேட்டதில்லை. அக்காவும் இதை ஒரு சாதனையாக நினைச்சதில்லை, "அது வேலைதானே". ஆனா 19இலிருந்து 7 எண்டது, கணக்குத் தெரிஞ்ச எந்த முகாமையாளரும் நிமிர்ந்து பார்க்கிற தூரம். இது எப்பிடி நடந்தது எண்டு விளக்கக்கூடிய ஆளைத்தான் அவர் தேடுறார்.

எந்த இலக்கத்தைப் போடலாம் எண்டதில அக்கா என்னைவிடத் தெளிவு. நான் கொம்பனியின்ர வருட விற்பனையைப் போடுவம் எண்டன், பெரிய தொகை, கண்ணில படும். உடனே மறுத்திட்டா. தொழிலில தெரிஞ்சுகொண்ட கொம்பனி விபரத்தை வெளியில விடக்கூடாது எண்டது கணக்காளர் ஒழுக்கக் கோவையின்ர அடிப்படை. அதை மீறின வரியை வாசிக்கிற அடுத்த முதலாளி, நாளைக்கு என்ர கணக்கையும் இவ ஊருக்குச் சொல்லுவா எண்டுதான் நினைப்பார். அதனால கொம்பனியின்ர காசை விட்டிட்டு, அக்காவின்ர வேலையை அளக்கிற இலக்கங்களை மட்டும் எடுத்தம்: நாள், கிளை, சம்பளப் பட்டியலில உள்ள ஆட்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஆதாரம் இருக்கோ எண்டும் பார்த்தம். தலைமையகத்துக்கு மாதக் கணக்கு அனுப்பின மின்னஞ்சல்களின்ர திகதிதான் 19க்கும் 7க்கும் சாட்சி. செலவை இத்தனை வீதம் குறைச்சன் எண்டு ஒரு வரி முதல் வரைவில இருந்தது. எதோட ஒப்பிட்டு எண்டு கேட்டன், அக்காவிட்டப் பதில் இல்லை, வரியை எடுத்திட்டம்.

கடைசியில அபவுட் பகுதியின்ர தொடக்கம், தமிழில சொன்னால், இப்பிடி வரும்: "மூன்று கிளைகள் உள்ள ஒரு விநியோக நிறுவனத்தின் மாதக் கணக்கை 19ஆம் திகதியிலிருந்து 7ஆம் திகதிக்குக் கொண்டுவந்தேன். காலம் தின்றது பின்திகதிக் காசோலைகளும் வழியில் நின்ற சரக்கும். இரண்டுக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கணக்குகளும் வாராந்தச் சரிபார்ப்பும் அமைத்தேன், மூன்று உதவியாளர்களோடும் களஞ்சியப் பொறுப்பாளர்களோடும் சேர்ந்து." அழுத்தாமலே தெரியிற வரிகள் இவை. கடைசித் துண்டைச் சேர்த்தது அக்காதான். அந்தப் பொறுப்பாளரை விட்டிட்டு எழுத மனம் வரேல்லையாம். எனக்கும் அது நல்லதாப் பட்டது, மனிசரோட வேலை செய்யத் தெரியும் எண்டதைத் தனியாச் சொல்லத் தேவையில்லாமல் போச்சு.

அதுக்குக் கீழ ஒரு பத்தி, வரியைப் பற்றி. வற் வீதம் 2022 ஜூனில 8இலிருந்து 12, செப்டெம்பரில 15, 2024 ஜனவரியில 18. ரெண்டு வருடத்துக்குள்ள மூன்று தரம் மாறினது. ஒவ்வொரு தரமும் விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு அச்சு, பழைய வீதத்தில வித்துப் புது வீதத்தில திரும்பி வந்த சாமான், எல்லாம் அக்காவின்ர மேசையில. சேமலாப நிதிக்கு ஊழியர் 8, முதலாளி 12, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் எண்டதை எல்லாம் எழுதேல்லை. அது எந்தக் கணக்காளருக்கும் தெரியும். 63 பேரின்ர சம்பளப் பட்டியல், நிலுவை இல்லை எண்டு மட்டும். பிறகு படிப்பு வசனம். கடைசி வரி, யாழ்ப்பாணத்தில நேரடியாகவோ வீட்டிலிருந்தோ வேலை தேடுறன், ஏப்ரலிலிருந்து தொடங்கலாம் எண்டது.

அந்தக் கடைசி வரியை உடனே போடேல்லை. இப்ப இருக்கிற கொம்பனியின்ர ஆட்களும் அதே தளத்திலதான் இருக்கினம். வேலை தேடுறன் எண்ட அடையாளத்தை ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியிற மாதிரி வைக்கலாம். படத்தைச் சுத்திப் பச்சை வளையம் வாறது மற்றத் தெரிவில. ஆனா மறைச்சு வைச்சாலும் சொந்தக் கொம்பனிக்குத் தெரியவே தெரியாது எண்டு அந்தத் தளம் உறுதி தாறதில்லை. அக்கா முதல் தன்ர மேலாளரிட்டப் போய், கொழும்புக்கு வரேல்லை, வேற இடம் பார்க்கிறன் எண்டு சொன்னா. அதுக்குப் பிறகுதான் வரி ஏறினது.

இந்தப் பக்கத்தால எல்லாம் நடந்திடாது எண்டதையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில ஒரு முதலாளி கணக்காளரைத் தேடினால் லிங்க்ட்இன்னைத் திறக்க மாட்டார். தன்ர கணக்காய்வாளரிட்டயோ கோயில் திருவிழாவில கண்ட ஆளிட்டயோதான் கேட்பார். அந்த வழிக்கு இந்தப் பக்கம் உதவுறது வேற மாதிரி. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இருக்கு" எண்டு சொல்லுறவர் வட்ஸ்அப்பில அனுப்ப ஒரு இணைப்பு. அதனால பெயருக்குப் பின்னால இலக்கங்கள் தொங்குற நீள முகவரியை மாத்திச் சுருக்கி வைச்சம்.

மாத்தின முதல் வாரம் பக்கத்தைப் பார்த்தவை கூடினது உண்மை, ஆனா அதில அரைவாசி எங்கட சொந்தக்காரர். பார்த்தவை எத்தனை பேர் எண்டதைவிட ஆர் எண்டதுதான் கவனிக்கவேண்டியது. நாலாவது கிழமை கொழும்பில ஒரு மருந்து விநியோகக் கொம்பனியின்ர நிதி முகாமையாளர் செய்தி அனுப்பியிருந்தார். சம்பளமோ வயதோ கேட்கேல்லை. தங்களுக்கு ஆறு கிளை, திரும்பி வாற செக்கை அந்தக் கட்டுப்பாட்டுக் கணக்கில எப்பிடிப் பதியிறனீங்கள் எண்டு ஒரு கேள்வி. அக்கா என்னைக் கூப்பிடேல்லை. தானே கதிரையை இழுத்துப் போட்டு, பற்று வரவோட ஒரு பக்கப் பதில் எழுதி அனுப்பிப்போட்டுத்தான் எனக்குச் சொன்னா. வாற புதன்கிழமை சூமில நேர்முகம். அம்மாவின்ர சுத்திகரிப்பு இல்லாத நாள்.